வெட்டுக்கோடு எங்கே விழும்: நகராத தேதியும் ஏழு ஸ்பிரிண்டும்

ஓர் உறுப்பினர் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா புதுப்பிப்பு மென்பொருள் செய்துகொடுத்தோம். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் அதுவரை பயன்படுத்திய பழைய மென்பொருளின் உரிமம் ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அடுத்த திங்கட்கிழமை புதுப்பிப்புக் காலம் தொடங்குகிறது. எங்களிடம் வேலை வந்தபோது அந்தத் திங்களுக்குப் பதினான்கு வாரம் இருந்தது. டெவலப்பர்கள் ஐந்து பேர், டெஸ்டர் ஒருவர். வேலையை இரண்டு வாரச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்வோம், ஒரு சுற்று ஒரு ஸ்பிரிண்ட். அதாவது ஏழு ஸ்பிரிண்ட். திட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது.

முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, இந்தத் தேதி உண்மையிலேயே நகராததா என்பது. பல வேலைகளில் ‘கண்டிப்பான தேதி’ என்று சொல்வது யாரோ ஒருவர் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்ன தேதியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட தேதிக்காக வேலையை வெட்டுவது வீண். இங்கே அப்படி இல்லை. உரிமத்தை ஒரு மாதம் நீட்டித்துத் தர முடியுமா என்று சங்கம் எழுத்தில் கேட்டது, முடியாது என்று பதில் வந்தது. புதுப்பிப்புக் காலத்தைத் தள்ளிவைக்கவும் சங்கத்தின் விதி இடம் தரவில்லை. ஆக, தேதி நிலையானது, ஆட்களும் அதே ஆறு பேர்தான். மாறக்கூடியது ஒன்றே ஒன்று: அந்தத் திங்கள் காலையில் மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கும் என்பது.

எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டது

ஏழாவது ஸ்பிரிண்டை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம். அதில் புது வசதி எதுவும் கட்டக் கூடாது. பழைய மென்பொருளின் தரவைப் புதியதற்கு இறுதியாக மாற்றுவது, முழு ஒத்திகை, அதில் வரும் பிழைகளைச் சரிசெய்வது, இவை மட்டும். மீதி ஆறு ஸ்பிரிண்ட்தான் கட்டுவதற்கு.

இதே குழு இதற்கு முன் செய்த எட்டு ஸ்பிரிண்டின் கணக்கு கையில் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவைப் பொறுத்துப் புள்ளி கொடுப்போம். அந்த எட்டில் முடித்த புள்ளிகள் 17, 24, 21, 15, 22, 26, 19, 20. சராசரி எடுத்தால் இருபதுக்குச் சற்று மேல். ஆறால் பெருக்கி 123 என்று எழுதிவைத்துவிடலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சராசரி என்றால், அதற்குக் கீழே போகவும் ஏறக்குறைய அதே அளவு வாய்ப்பு உண்டு என்றுதான் பொருள். நகராத தேதியை வைத்துக்கொண்டு பாதிக்குப் பாதி வாய்ப்பின் மேல் வாக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒரே எண்ணுக்குப் பதில் இரண்டு எண் எடுத்தோம். மிகக் குறைந்த மூன்று ஸ்பிரிண்டின் சராசரி 17, மிக அதிகமான மூன்றின் சராசரி 24. ஆறு ஸ்பிரிண்டுக்கு முறையே 102, 144. செய்ய வேண்டிய வேலைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்திய பட்டியலான பேக்லாக்கில் மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து 102-இல் ஒரு கோடு, 144-இல் ஒரு கோடு. முதல் கோட்டுக்கு மேலே இருப்பதைத் தருவோம் என்று சொல்லலாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது வரலாம், வராமலும் போகலாம். 144-க்குக் கீழே இருப்பது இந்த வெளியீட்டில் இல்லை. இதைச் சங்கத்தாரிடம் காட்டியபோது வரைபடம், சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. அச்சடித்த பட்டியலும் ஒரு சிவப்புப் பேனாவும் போதுமாக இருந்தன.

எல்லாமே கட்டாயம் என்றபோது

பேக்லாக் மொத்தம் 158 புள்ளி. கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நான்காகப் பிரிக்கும் மாஸ்கோ முறையைத்தான் கையாண்டோம். முதல் கூட்டத்தில் சங்கத்தார் 131 புள்ளியைக் கட்டாயத்தில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘இது முக்கியமா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். தவறு நாங்கள் கேட்ட கேள்வியில் இருந்தது.

மாஸ்கோ முறையை வளர்த்தெடுத்த டிஎஸ்டிஎம் அமைப்பின் வழிகாட்டுதலில், கட்டாயம் என்பது மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் அளவுகோல் உண்டு. நல்ல அளவுகோல்தான். ஆனால் எதில் 60 சதவீதம் என்று பார்க்க வேண்டும். பேக்லாக்கை ஊதிப் பெரிதாக்கினால் கட்டாயத்தின் பங்கு தானாகவே குறைந்துவிடும். அதனால் நான் இன்னும் கறாரான சோதனை ஒன்றையும் வைத்தேன்: கட்டாயம் முழுவதும் மோசமான கணிப்புக் கோட்டுக்குள், அதாவது 102-க்குள், கொஞ்சம் இடம் விட்டு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நம் கையில் இருப்பது திட்டமல்ல, வேண்டுதல்.

இரண்டாவது கூட்டத்தில் கேள்வியை மாற்றினோம். ‘திங்கள் காலை இது இல்லை என்றால் வெளியீட்டை நிறுத்திவிடுவீர்களா?’ ஒவ்வொரு வரிக்கும் இதே கேள்வி. புதுப்பிப்புச் சான்றிதழ் தானாகவே பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் போவது முதலில் கட்டாயத்தில் இருந்தது. அலுவலக மேலாளரிடம் கேட்டேன்.

“மேடம், சான்றிதழ் தானாகப் போகவில்லை என்றால் திங்கட்கிழமை திறக்க மாட்டீர்களா?”

“சான்றிதழ் இல்லாமல் எப்படிங்க?”

“ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள்?”

கொஞ்சம் யோசித்தார். “ஆரம்பத்தில் நாற்பது வரும். பிறகு குறைந்துவிடும்.”

“நாற்பதைக் கையால் அடித்து அனுப்ப முடியுமா?”

“முடியும்... இரண்டு மாதத்துக்கு முடியும். அதற்கு மேல் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.”

சரி, அப்போது அது கட்டாயம் இல்லை. இரண்டு மாதத்துக்குள் வர வேண்டியது. அவருடைய பதிலை அப்படியே பட்டியலில் குறித்துக்கொண்டோம். கையால் செய்யும் மாற்று வழி என்ன, யார் செய்வார், எத்தனை நாள் தாங்கும். கட்டாயத்திலிருந்து இறங்கிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்த மூன்றும் எழுதப்பட்டன. பின்னால் வெட்ட நேர்ந்தபோது, இதை இழந்தால் என்ன ஆகும் என்று யாரும் புதிதாக விவாதிக்க வேண்டி வரவில்லை. பதில் அவர்கள் வாயாலேயே அங்கே இருந்தது.

சில வரிகளை உடைக்க வேண்டியிருந்தது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்டோரி. ‘கட்டணம்’ என்று 21 புள்ளிக்கு ஒரே ஸ்டோரி இருந்தது. அதற்குள் கார்டில் பணம் கட்டுவது 8, பணத்தைத் திருப்பித் தருவது 5, தவணையில் கட்டுவது 8 என்று மூன்று வேலைகள். ஒன்றாக இருக்கும்வரை முழுவதும் கட்டாயம். பிரித்தவுடன் முதல் பங்கு மட்டும்தான் கட்டாயம். திருப்பித் தருவதைப் பணப் பரிவர்த்தனை நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலேயே அலுவலகம் செய்துகொள்ளலாம். பெரிய ஸ்டோரியை வெட்ட முடியாது, பிரித்தால்தான் வெட்டுவதற்கு இடமே கிடைக்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பணம் போய்விட்டது, ஆனால் ‘வெற்றி’ என்ற பதில் நம் சர்வருக்கு வந்து சேரவில்லை என்ற நிலை. உறுப்பினர் மறுபடி பொத்தானை அழுத்துவார், இரண்டு முறை பணம் போகும். இதைக் கையாளும் வேலை அந்த 8 புள்ளிக்குள்தான் இருந்தது. சங்கத்தார் அதைத் தனியாகப் பிரித்துக் கீழே தள்ளலாமா என்று கேட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது தெரியாத விஷயம். வரிசையைத் தீர்மானிப்பது அவர்கள் உரிமை என்றாலும், இப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது சரியில்லை.

இப்படிக் கட்டாயம் 131-இலிருந்து 84-க்கு வந்தது. 144-இல் அது 58 சதவீதம், 102-க்குள் 18 புள்ளி மிச்சம். அந்த 18-இல் நினைவூட்டல் மின்னஞ்சல் 5, அலுவலகத்துக்கான தேடல் 3, உறுப்பினரே முகவரி மாற்றுவது 5, பணம் திருப்புவது 5, இதே வரிசையில். கோட்டுக்குக் கீழே சான்றிதழ் 5, குடும்பச் சந்தா 8, தவணை 8, அறிக்கைகள் 8, இரண்டாவது மொழி 13. அதற்கும் கீழே இருந்த 14 புள்ளி அன்றே போய்விட்டது.

ஒரே பிரிவுக்குள்ளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். ‘வேண்டும்’ என்ற கூடையில் எட்டு விஷயம் சும்மா கிடந்தால், வெட்டும் நாளில் அந்த எட்டுக்குள் சண்டை புதிதாக ஆரம்பிக்கும்.

அப்புறம் வெட்டும் நாட்களையும் அப்போதே குறித்தோம். மூன்றாவது ஸ்பிரிண்ட் முடியும் நாள், நான்காவது முடியும் நாள். அன்று புதிய கணிப்பைப் பார்த்துக் கோட்டை நகர்த்துவோம், கோட்டுக்குக் கீழே போனது போனதுதான். நெருக்கடி வரும் முன்பே இதற்கு ஒப்புதல் வாங்கியதால், பின்னால் வெட்டியபோது அது தோல்விச் செய்தி போலக் கேட்கவில்லை. ஏற்கெனவே பேசிய ஒன்றை அன்று செய்தோம், அவ்வளவுதான்.

முதல் மூன்று ஸ்பிரிண்ட்

முக்கியத்துவ வரிசைப்படியே கட்ட வேண்டும் என்பதில்லை. கட்டாயம் என்ற எல்லைக்குள், எது நம்மைக் கவிழ்க்கக்கூடுமோ அதை முதலில் எடுத்தோம். தரவு மாற்றம்தான் அது. சங்கத்தார் அதைக் கடைசி வார வேலை என்று நினைத்திருந்தார்கள். நாங்கள் முதல் ஸ்பிரிண்டிலேயே தொடங்கி, இரண்டாவதில் பழைய தரவின் முழு நகலை வைத்து முதல் ஒத்திகை பார்த்தோம். 11 மணி நேரம் ஓடியது. அதோடு, ஒரே உறுப்பினருக்கு இரண்டு பதிவுகள் இருப்பது நிறைய இடங்களில் தெரிந்தது. திருமணமாகிப் பெயர் மாறியவர்கள், இடையில் விலகி மறுபடி சேர்ந்தவர்கள். அப்படியே மாற்றினால் ஒருவருக்கே இரண்டு சந்தா நினைவூட்டல் போகும், பணம் கட்டியது தவறான பதிவில் ஏறும்.

பதிவுகளை இணைக்கும் வேலைக்கு 8 புள்ளி என்று மதிப்பிட்டோம். அதுவும் கட்டாயம்தான். 84 இப்போது 92 ஆனது. ஆறாவது ஸ்பிரிண்டில் இது தெரிய வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. மிச்சம் வைத்த 18 புள்ளி இருந்ததே இதற்குத்தான்.

முதல் மூன்று ஸ்பிரிண்டில் முடித்தது 14, 19, 16. மொத்தம் 49. முதலாவது குறைந்ததற்குக் காரணம் தெரியும், புது வேலைக்கான அடித்தளம். மூன்றாவது 16 தான் எனக்கு உறுத்தியது. எல்லோரும் முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருந்தார்கள், யாரும் விடுப்பில் இல்லை, ஆனால் முடித்த மொத்தப் புள்ளியைக் காட்டும் பர்ன்-அப் சார்ட்டின் கோடு அந்த அளவுக்கு மேலே ஏறவில்லை. இப்படித் தெரிந்தால் எங்கோ பாதி வேலை தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். பாதி முடித்ததற்குப் புள்ளி கிடையாது என்பதால் உழைப்பு போகும், கணக்கில் வராது.

தேடிப் பார்த்ததில் குடும்பச் சந்தா வந்து நின்றது.

வெட்ட முடியாமல் போன வசதி

குடும்பச் சந்தா என்றால் ஒருவர் தன் வீட்டில் உள்ள மற்ற உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் பணம் கட்டுவது. பட்டியலில் 102-க்குக் கீழே இருந்தது. ஆனால் கட்டணத்துக்கான டேட்டாபேஸ் அட்டவணையை வடிவமைத்தவர், எப்படியும் பிறகு வரப்போகிறதுதானே என்று, ஒவ்வொரு கட்டணத்தையும் ஒரு ‘குழு’வின் கீழ் வைத்துவிட்டார். தனிநபர் புதுப்பித்தாலும் ஓர் ஆள் கொண்ட குழு உருவாகும். பிறகு ரசீது, கணக்குச் சரிபார்ப்பு, பணம் வராத நிலையைக் கையாளும் பகுதி எல்லாமே குழுவைக் கேட்டுத்தான் நடந்தன. குழுவில் ஒருவருக்கு மட்டும் பணம் தோற்றால் என்ன செய்வது என்று டெஸ்டர் கேட்க, அதற்கும் கோட் எழுதத் தொடங்கியிருந்தார்கள். இப்போதைக்குத் தேவைப்படாத வசதிக்கான கேள்வி கட்டாய ஸ்டோரிக்குள் புகுந்து அதை முடியவிடாமல் வைத்திருந்தது.

அந்த டெவலப்பர் திறமையானவர், நல்லெண்ணத்தில்தான் செய்தார். தவறு என்னுடையது. வரிசையைச் சங்கத்தாரோடு உட்கார்ந்து அவ்வளவு பாடுபட்டுப் போட்டேன். கோட்டுக்குக் கீழே இருப்பது இப்போதைக்கு இல்லாததற்குச் சமம், அதற்காக வடிவமைக்கவும் வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டியல் எல்லோர் கையிலும் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

முதல் வெட்டு நாள் அன்று இரண்டு வழி இருந்தது. அட்டவணையிலிருந்த ‘குழு’ அமைப்பை முழுவதும் பிடுங்கி எறியலாம். மூன்று நாள் ஆகும், ஓடிக்கொண்டிருக்கும் கட்டணப் பகுதியைக் கலைக்க வேண்டும். அல்லது அட்டவணையை அப்படியே விட்டு, குழுவில் ஒருவருக்கு மேல் சேர முடியாதபடி பூட்டி, பலர் இருக்கும் நிலைக்காக எழுதிய கோட் பகுதியை மட்டும் நீக்கலாம். இரண்டாவதைச் செய்தோம், ஏறத்தாழ ஒரு நாள் வேலை. அழகான தீர்வு இல்லை, ஆனால் தேதிக்கு அதுதான் பாதுகாப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்பிரிண்ட் தொடக்கத்திலும் ஒரு கேள்வி சேர்ந்தது: இந்த ஸ்டோரியில் கோட்டுக்குக் கீழே உள்ள எதையாவது சுமந்துகொண்டிருக்கிறோமா?

இரண்டு வெட்டு

மூன்றாவது ஸ்பிரிண்ட் முடிவில் கணிப்பு இப்படி இருந்தது. முடிந்தது 49. மீதி மூன்று ஸ்பிரிண்டும் இப்போதைய 16 வேகத்தில் போனால் 97, பழைய 20-க்குத் திரும்பினால் 109. கட்டாயம் 92. நினைவூட்டல் மின்னஞ்சலோடு 97, தேடலோடு 100, முகவரி மாற்றத்தோடு 105, பணம் திருப்புவதோடு 110. நல்ல கணிப்பிலும் 109-தான் என்பதால் பணம் திருப்புவதற்குக் கீழே இருந்த ஐந்தும் அன்று போயின. சான்றிதழ் உட்பட. அது மட்டும் இன்னும் ஒரு ஸ்பிரிண்ட் இருக்கட்டுமே என்று மேலாளர் கேட்டார். பட்டியலில் அவர் சொன்ன இரண்டு மாதக் குறிப்பைக் காட்டினோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சரி, நான்தானே சொன்னேன்” என்றார்.

பணம் திருப்புவது ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தொங்கியது. மதிப்பீட்டில் ஒரு புள்ளி என்பது ஒன்றுமே இல்லை, அதை வைத்து வெட்டுவது துல்லியம் இருப்பதாக நடிப்பது. அதனால் அதை விட்டுவைத்தோம், தொடங்கவும் இல்லை. நான்காவது ஸ்பிரிண்டில் 18 முடிந்தது, மொத்தம் 67. மீதி இரண்டு ஸ்பிரிண்டுக்குக் கணிப்பு 99 முதல் 107. இப்போது அதையும் எடுத்துவிட்டோம். தொடங்காத வேலை என்பதால் அழிக்க ஒன்றும் இல்லை, பட்டியலில் ஒரு கோடு மட்டும்.

இதே வாரத்தில் இன்னொன்று வெளியே வந்தது. உறுப்பினர்களுக்கு அனுப்பும் அறிவிப்புக் கடிதத்தைச் சங்கத்தின் செய்தித் தொடர்புப் பிரிவு முதல் மாதத்திலேயே எழுதி முடித்திருந்தது. ‘இனி குடும்பமாகச் சேர்ந்து புதுப்பிக்கலாம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் ஒரு வரி. இன்னும் அனுப்பவில்லை என்பது நல்ல காலம். வெட்டு என்பது கோட் அளவில் மட்டும் நடப்பதில்லை. கடிதம், உதவிப் பக்கம், அலுவலகப் பயிற்சிக் குறிப்பு, மெனுவில் ஒளிந்திருக்கும் பொத்தான் என்று பல இடங்களில் அந்த வசதி ஏற்கெனவே குடியேறியிருக்கும். எழுத்து எதுவும் இரண்டாவது வெட்டு நாளுக்குப் பிறகே இறுதியாக வேண்டும் என்று அட்டவணையில் போட்டிருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை.

ஐந்தாவது ஸ்பிரிண்டில் 21 வந்தது. பாதி வேலைகள் இல்லாததன் பலன் அது என்று நான் நம்புகிறேன். அதன் முடிவில் கட்டாயத்தில் 4 புள்ளி மட்டும் பாக்கி. ஆறாவதில் 17 முடித்தோம், அந்த நான்கும் மேலே இருந்த மூன்று வசதிகளும். மொத்தம் 105.

ஏழாவது ஸ்பிரிண்டில் மூன்றாவது ஒத்திகை. முதல் முறை 11 மணி நேரம் ஆன தரவு மாற்றம் இரண்டாவதில் 6, இப்போது 5. உரிமம் முடியும் வெள்ளி மாலை பழையதை மூடி, சனிக்கிழமை மதியத்துக்குள் தரவு மாறி, ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தார் நான்கு பேர் தங்கள் சொந்தப் பதிவுகளைத் திறந்து சரிபார்த்தார்கள். திங்கள் காலை திறந்தது.

மூன்று வாரம் கழித்து வெட்டிய பட்டியலை மறுபடி மேசையில் விரித்தோம். சான்றிதழ் முதலிடத்துக்குப் போனது. நாற்பது என்று நினைத்தது சில நாட்களில் எழுபதைத் தொட்டிருந்தது. பணம் திருப்புவது இரண்டாவது. தவணையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அறிக்கைகளில் பாதியைத் தேடல் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். குடும்பச் சந்தா மூன்றாவது. ஆனால் இப்போது அவர்கள் கேட்டது வேறு: வெளியூரில் இருக்கும் பிள்ளை பெற்றோருக்குப் பணம் கட்ட வேண்டும், பிள்ளை உறுப்பினராகவே இருக்க வேண்டியதில்லை. நாங்கள் பூட்டிவைத்திருந்த குழு அட்டவணை உறுப்பினர்களை மட்டும்தான் ஏற்கும். அதை நீக்கிவிட்டுப் பணம் கட்டுபவருக்குத் தனி அட்டவணை போட்டோம்.